முன்னே டிஸ்க், பின்னே டிரம்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு சிறிய கார் இறங்குகிறது. உள்ளே ஐந்து பேர், பின்னால் பெட்டிகள். எல்லாம் சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆக, அந்தக் கார் சுமார் 1,500 மீட்டர் கீழே வருகிறது. மேலே இருந்தபோது அதனிடம் இருந்த ஆற்றல் கீழே வந்து சேரும்போது இல்லை. வேகமாகவும் அது மாறவில்லை, ஏனென்றால் கார் வழி முழுக்க முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே வந்திருக்கிறது. அப்படியானால் அத்தனையும் வெப்பமாகத்தான் மாறியிருக்க வேண்டும்.

அது எவ்வளவு வெப்பம்? எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கினால் 176 லட்சம் ஜூல் வருகிறது. இந்த எண் மட்டும் நமக்கு ஒன்றும் சொல்லாது. இதே கார் சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக் அடித்து முழுதாக நிறுத்தினால் பிறக்கும் வெப்பம் சுமார் 3 லட்சம் ஜூல்தான். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதாவது குன்னூர் இறக்கம் என்பது, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அறுபது முறை காரை நிறுத்துவதற்குச் சமம். அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்.

இந்த வெப்பத்தில் ஒரு பங்கை டயர்களின் உருளல் எதிர்ப்பும் காற்றும் வாங்கிக்கொள்ளும். சரியான கியரில் வந்தால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் நான்கு சக்கரங்களின் உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புத் துண்டுகளுக்குப் போகிறது. முன்சக்கரங்களில் அது தட்டையான வட்டத் தகடாக இருக்கும், அதுதான் டிஸ்க். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் பின்சக்கரத்தில் அதுவே கவிழ்த்த சட்டி வடிவில் இருக்கும், அது டிரம். ஒரே காரில் இரண்டு வகை ஏன் என்று கேட்டால், "பின்னாலயும் டிஸ்க் போட்டா செலவு அதிகம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, வெப்பம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில் இருக்கிறது.

டிரம் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் எத்தனை சின்னச் சின்ன உதிரிகள் என்று. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது டிரம். சுற்றாமல் நிற்பது அதன் வாயை மூடியிருக்கும் பேக் பிளேட். அந்தப் பிளேட்டின் மேல், பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கின்றன. ஷூவின் வெளிவளைவில் ஒட்டியிருப்பது லைனிங். மேலே வீல் சிலிண்டர். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் அந்தச் சிலிண்டரின் இரு பிஸ்டன்களையும் வெளியே தள்ளுகிறது. அவை ஷூக்களை அகட்டி, லைனிங்கை டிரம்மின் உட்புறச் சுவரில் அழுத்துகின்றன. காலை எடுத்ததும் இழுவிசைச் சுருள்கள் ஷூக்களைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகின்றன. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு அட்ஜஸ்டர். ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து இழுக்க ஒரு நெம்புகோல்.

இந்த அமைப்புக்கு ஒரு அருமையான குணம் உண்டு. ஒரு குச்சியை முன்னால் சாய்த்துத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே போனால் அது மண்ணில் குத்திக்கொண்டு நிற்கும். அதையே பின்னால் இழுத்துக்கொண்டு போனால் தரையில் வழுக்கிக்கொண்டு வரும். டிரம்முக்குள் நடப்பதும் இதுதான். இரண்டு ஷூக்களில் ஒன்று, டிரம் சுற்றும் திசையை எதிர்கொள்ளும்படி அமைந்திருக்கும். அது டிரம்மைத் தொட்டதுமே, சுற்றும் டிரம் உராய்வால் அந்த ஷூவைத் தன்மேல் இன்னும் அழுத்திக்கொள்கிறது. ஓட்டுநர் கொடுத்த அழுத்தத்தோடு, காரின் ஓட்டமே கூடுதல் அழுத்தத்தைக் கொடுக்கிறது. மற்ற ஷூவுக்கு இந்த உதவி கிடைக்காது. ரிவர்ஸில் போகும்போது இருவரின் வேலையும் இடம் மாறும். மொத்தத்தில், அதே அளவு தள்ளுவிசைக்கு டிரம் பிரேக் தரும் பிடிப்பு, டிஸ்க் தருவதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். காலின் பலத்தை மட்டுமே நம்பியிருந்த காலத்தில், வாக்குவம் பூஸ்டர் இல்லாத கார்களில், இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். அம்பாசிடர் கார் நெடுங்காலம் நான்கு சக்கரங்களிலும் டிரம்மோடுதான் ஓடியது.

டிஸ்க் பிரேக்கில் இப்படிப்பட்ட சூட்சுமம் ஏதும் இல்லை. சக்கரத்தோடு ஒரு தகடு சுற்றுகிறது. அதன் விளிம்பை இருபுறமும் கவ்வியபடி கேலிப்பர் நிற்கிறது. கேலிப்பருக்குள் இரண்டு பேடுகள். பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் உட்புறப் பேடைத் தகட்டில் அழுத்துகிறது. நம் கார்களில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். உட்புறப் பேட் தகட்டில் முட்டியதும், எதிர்விசையில் கேலிப்பரே இரண்டு வழுக்குப் பின்கள் மேல் நகர்ந்து, வெளிப்புறப் பேடையும் இழுத்துவந்து அழுத்துகிறது. விசை தகட்டுக்கு நேர்க்குத்தாக விழுவதால், தகட்டின் சுழற்சி பேடை மேலும் அழுத்துவதில்லை. கொடுத்த அளவுக்குத்தான் பிடிப்பு. அதனால் டிஸ்க் வைத்த காருக்குப் பூஸ்டர் ஏறக்குறைய கட்டாயம் ஆகிவிடுகிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு ஒன்று இருக்கிறது. காலை எடுத்ததும் பேடுகளைப் பின்னுக்கு இழுக்க டிஸ்க்கில் பெரிய சுருள்கள் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி, ஆயில் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதன் குறுக்குவெட்டு சதுரம். பிஸ்டன் முன்னே போகும்போது இந்த வளையம் அதைப் பிடித்தபடியே கொஞ்சம் கோணிக்கொள்கிறது. அழுத்தம் நின்றதும் நிமிர்ந்துகொள்ளும்போது பிஸ்டனையும் இம்மியளவு பின்னால் இழுத்துவிடுகிறது. பேட் தேய்ந்து, பிஸ்டன் இன்னும் முன்னே போக வேண்டியிருந்தால், பிஸ்டன் வளையத்தில் வழுக்கி முன்னேறி அங்கேயே நின்றுகொள்ளும். கசிவைத் தடுப்பது, பிஸ்டனைத் திரும்ப இழுப்பது, தேய்மானத்தைச் சரிசெய்வது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே ரப்பர் வளையம் பார்க்கிறது. டிரம்முக்குள் இதற்கெல்லாம் தனித்தனி உதிரிகள் வேண்டியிருந்தன.

இனி வெப்பத்துக்கு வருவோம்.

டிரம்மில் உராய்வு நடப்பது உட்புறச் சுவரில். அங்கே பிறக்கும் சூடு, வார்ப்பிரும்பின் தடிமனைக் கடந்து வெளிப்புறத்துக்கு வந்த பிறகுதான் காற்றைப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் காற்றோ பேக் பிளேட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கிறது. போதாததற்கு, டிரம்மின் பெரும்பகுதியைச் சக்கரத்தின் ரிம்மே மூடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கில் உராயும் பரப்பும் காற்றுபடும் பரப்பும் ஒன்றே. தகட்டின் ஒரு பகுதி பேடுகளுக்கு நடுவே சூடாகிக்கொண்டிருக்கும்போது, மற்ற பகுதியெல்லாம் வெளிக்காற்றில் ஆறிக்கொண்டிருக்கிறது. முன்சக்கர டிஸ்க்குகளைக் கவனித்தால், பல கார்களில் அது ஒற்றைத் தகடாக இல்லாமல், நடுவே இடைவெளி விட்டுச் சேர்த்த இரண்டு தகடுகளாக இருப்பதைப் பார்க்கலாம். அந்த இடைவெளியில் குறுக்குச் சுவர்கள் உண்டு. சக்கரம் சுற்றும்போது அவை காற்றை நடுவிலிருந்து உறிஞ்சி விளிம்பு வழியாக வீசுகின்றன. அதனால் டிஸ்க் உள்ளிருந்தும் ஆறுகிறது.

இதைவிட முக்கியமானது, சூடானால் இரும்பு விரியும் என்ற எளிய உண்மை. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம் 300 டிகிரி கூடுதல் சூடானால், அதன் விட்டம் கிட்டத்தட்ட 0.6 மில்லிமீட்டர் பெருகும். டிரம் விரிவது வெளிநோக்கி, அதாவது ஷூவை விட்டு விலகி. ஒவ்வொரு பக்கமும் 0.3 மில்லிமீட்டர் கூடுதலாக ஷூ நகர வேண்டும். சாதாரணமாக ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே விடப்படும் இடைவெளியே மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது பெரிய தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டிய ஆயில் பெடலிலிருந்து வர வேண்டும்; எனவே பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். போதாக்குறைக்கு, விரிந்த டிரம்மின் வளைவும் ஷூவின் வளைவும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் போகின்றன. டிஸ்க்கும் சூட்டில் விரியும்தான். ஆனால் அதன் தடிமன் பெருகுவது பேடை நோக்கியே. இருபது மில்லிமீட்டர் தகட்டில் அது 0.06 மில்லிமீட்டர்கூட வராத ஒரு மாற்றம். பெடலில் அது தெரியவே தெரியாது.

மூன்றாவது காரணம், முன்பு சொன்ன அந்த அருமையான குணத்திலேயே ஒளிந்திருக்கிறது. லைனிங்கோ பேடோ, அளவுக்கு மேல் சூடானால் அதிலுள்ள பிசின் பொருட்கள் சிதைந்து வாயுவாகி, உராய்வு குறையும். மெக்கானிக்குகள் 'பிரேக் ஃபேட் ஆகுது' என்பது இதைத்தான். உராய்வு கால் பங்கு குறைந்தால், டிஸ்க்கின் பிடிப்பும் கால் பங்கு குறைகிறது. டிரம்மிலோ இழப்பு அதோடு நிற்பதில்லை. உராய்வால்தான் ஷூ தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருந்தது. அந்த உராய்வு குறைந்தால் இறுக்கமும் சேர்ந்தே குறைகிறது. கால் பங்கு இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். இறுக்கிக்கொள்ளும் குணம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பெரிது இந்தச் சரிவு.

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1902-ல். அதே காலத்தில் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. ஆனால் அரை நூற்றாண்டுக்கு டிரம்தான் ஆண்டது. நிலைமையைப் புரட்டிப்போட்டது 1953-ல் நடந்த லெமான் 24 மணி நேரப் பந்தயம். அங்கே நேர்ச்சாலை ஒன்று ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளம். அதன் முடிவில் 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்திலிருந்து கூர்மையான வளைவுக்காக வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும், இரவு பகலாக. டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்குகளோடு இறங்கிய ஜாகுவார் சி-டைப் கார், டிரம் பிரேக் வைத்த எதிரிகளைவிட வளைவுக்கு மிக அருகில் வந்து பிரேக் அடித்தது. அதை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யவும் முடிந்தது. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஓட்டிய கார் முதலிடம் பெற்றது. டிரம் தோற்றது ஒரு முறை நிறுத்தும் பலத்தில் அல்ல. நூறாவது முறையும் அதே மாதிரி நிறுத்துவதில்தான் அது தோற்றது.

இரண்டே ஆண்டில், 1955-ல், பிரான்சின் சிட்ரோயன் டிஎஸ் கார் பெரும் எண்ணிக்கையில் தயாராகிச் சாலைக்கு வந்தது. அதன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க். பின்சக்கரங்களுக்கு டிரம். டிஸ்க் ஜெயித்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அந்த வடிவமைப்பாளர்கள் பின்னால் டிரம்மையே வைத்ததற்கான காரணங்கள் இன்றும் மாறவில்லை.

முதல் காரணம் எடை முன்னே சாய்வது. பிரேக் அடிக்கும்போது காரின் மூக்கு தாழ்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வெறும் ஆட்டம் அல்ல. சக்கரங்கள் தரையில் அழுந்தும் விசையே இடம் மாறுகிறது. நம் 1,200 கிலோ கார் நிற்கும்போது முன்சக்கரங்கள் மேல் 720 கிலோ, பின்சக்கரங்கள் மேல் 480 கிலோ என்று கொள்வோம். முன்சக்கர இயக்கம் உள்ள சிறிய கார்களில், முன்னிருக்கைகள் மட்டும் நிறைந்திருந்தால், இதுதான் வழக்கமான பங்கீடு. காரின் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 245 சென்டிமீட்டர் என்று வைத்து, நல்ல சாலையில் அவசரமாக நிறுத்தினால், சுமார் 215 கிலோ பின்னாலிருந்து முன்னுக்குப் போய்விடும். இப்போது முன்னால் 935, பின்னால் 265. நிறுத்தும் வேலையில் முக்கால் பங்குக்கு மேல் முன்சக்கரங்களுடையது. பின்சக்கரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் மிஞ்சுகிறது.

பின்னால் இதைவிட அதிக பிரேக் கொடுத்தால் என்ன? லேசாகிவிட்ட பின்சக்கரங்கள் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சாலையில் வழுக்கும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் திரும்பாது, ஆனால் நேராகப் போகும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் காரின் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும், கார் பம்பரமாகிவிடும். அதனால்தான் பழைய கார்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் குறைக்கும் வால்வு இருந்தது. இப்போது ஏபிஎஸ்ஸோடு சேர்ந்த மின்னணு அமைப்பு அதே வேலையைச் செய்கிறது. எத்தனை சிறந்த பிரேக்கைப் பின்னால் பொருத்தினாலும், அவசரத்தில் அதன் முழுத்திறமையைப் பயன்படுத்தவே முடியாது. குறைந்த வேலை என்றால் குறைந்த வெப்பம். டிரம்மின் பெரிய பலவீனமே வெப்பம்தான். அந்தப் பலவீனம் அதிகம் வெளிப்படாத இடம் பின்சக்கரம்.

இரண்டாவது காரணம் ஹேண்ட் பிரேக். டிரம்முக்குள் ஏற்கெனவே ஷூ இருக்கிறது. ஒரு நெம்புகோலும் கேபிளும் சேர்த்தால் போதும். ஷூ தன்னை இறுக்கிக்கொள்ளும் குணம் இங்கேயும் கைகொடுக்கிறது. மேட்டில் நிறுத்திய கார் நகரப் பார்த்தால், அந்த நகர்வே ஷூவை மேலும் இறுக்கும். டிஸ்க்கில் ஹேண்ட் பிரேக் வைக்க வேண்டுமானால், கேலிப்பருக்குள்ளேயே திருகு பொறிமுறையோ மோட்டாரோ வேண்டும். சில பெரிய கார்களில் டிஸ்க்கின் நடுக்குழிக்குள்ளேயே ஹேண்ட் பிரேக்குக்கென்று ஒரு குட்டி டிரம்மை ஒளித்துவைத்திருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. சூடான டிஸ்க் காரை நிறுத்திய பின் ஆறினால் அதன் தடிமன் சுருங்கி, பேடின் பிடி கொஞ்சம் தளரும். டிரம்மோ ஆறும்போது உள்நோக்கிச் சுருங்கி ஷூவின் மேல் இறுகும். மலைமேல் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

விலை மூன்றாவது காரணம்தான். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் பின்னால் டிரம் இருந்தால் போதும் என்ற கணக்கில், மலைச்சாலை ஒரு ஓட்டையைப் போடுகிறது. முக்கால் பங்கு முன்னால், கால் பங்கு பின்னால் என்பது அவசர பிரேக்குக்கான கணக்கு. குன்னூர் இறக்கத்தில் யாரும் அப்படி பிரேக் அடிப்பதில்லை. காலை லேசாக வைத்தபடியே வருகிறார்கள். லேசான பிரேக்கில் எடை அவ்வளவாக முன்னே சாய்வதில்லை. பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடும் பல கார்களில் அந்த அளவில் வேலைசெய்யத் தொடங்குவதில்லை. எனவே டிரம் எடுத்துக்கொள்ளும் பங்கு, அவசர பிரேக்கில் இருப்பதைவிடக் கூடுதல். பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கி நிறையப் பெட்டியும் இருந்தால் பின்சக்கரமும் நன்றாக அழுந்தி நின்று அந்த வேலையை ஏற்கும். வேகம் குறைவு என்பதால் வீசும் காற்றும் குறைவு. டிரம்முக்குச் சிறிதும் ஒத்துவராத சூழ்நிலை இது.

மலையடிவாரத்தில், பிரேக் பிடிக்கவில்லை என்று வந்து நிற்கும் காரைப் பார்த்து அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது இதுதான்: "பெடல் கல்லு மாதிரி இருந்துங்களா, இல்ல பஞ்சு மாதிரி கீழ போச்சுங்களா?" இந்த ஒரு கேள்வியிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். பெடல் உறுதியாக நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் மட்டும் நிற்க மறுக்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் பேடும் லைனிங்கும் ஃபேட் ஆகியிருக்கின்றன. பெடல் உறுதியாகவே இருந்து, ஆனால் வழக்கமான இடத்தைவிடக் கீழே போய் நின்றால், டிரம் விரிந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கி, தரைவரை போகிறது என்றால் அதுதான் மிக ஆபத்தானது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது.

ஆயில் கொதிப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால்தான் காலின் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியைச் சுருக்க முடியும். ஆயிலில் குமிழிகள் உண்டானால், மிதிக்கும் விசையெல்லாம் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும். டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. டாட் 4-க்கு 230. ஆனால் இந்த ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளவை. சுமார் மூன்றரை சதவீதம் ஈரம் சேர்ந்த நிலையில் அதே விதி கேட்பது முறையே 140, 155 டிகிரிதான். நான்கைந்து ஆண்டு மாற்றாத ஆயிலோடு ஊட்டிக்குப் போகிறவர், கொதிநிலையில் அறுபது எழுபது டிகிரியை ஏற்கெனவே இழந்திருக்கக்கூடும். ஊருக்குள் ஓட்டும்போது அது தெரியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அளவு குறையாமல் இருப்பதைப் பார்த்து மட்டும் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. ஆயில் பல சமயம் ஓடும்போது கொதிப்பதில்லை, நின்ற பிறகு கொதிக்கிறது. பிரேக்கை நன்றாகச் சூடாக்கிவிட்டு, வழியில் டீக்கடையில் நிறுத்துகிறோம். காற்றோட்டம் நின்றுவிட்டது. டிஸ்க்கின் சூடு மெல்ல பேட் வழியாகவும் பிஸ்டன் வழியாகவும் ஆயிலுக்கு ஏறுகிறது. பத்து நிமிடம் கழித்துக் கிளம்பும்போது முதல் மிதியிலேயே பெடல் உள்ளே போகிறது. எனவே பிரேக் வாடை வந்தபின் நிறுத்தினால், நன்றாக ஆறும்வரை, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பெடலை அழுத்திப் பார்க்க வேண்டும். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று மலைச்சாலைப் பலகைகள் சொல்வதன் கணக்கும் இப்போது புரியும். 176 லட்சம் ஜூலை ஒரு மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரியாக 5 கிலோவாட் வருகிறது. அதில் ஒரு கிலோவாட்டைச் சற்று மேலே டயர்கள் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின் தன் உள் உராய்வாலும் காற்றை உறிஞ்சும் சிரமத்தாலும் மூன்று கிலோவாட் வரை தின்றுவிடும். அந்த வெப்பம் ரேடியேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் போகிறது. அவை அதற்காகவே செய்யப்பட்டவை. பிரேக்குக்கு மிஞ்சுவது வளைவுகளில் வேகத்தைக் குறைக்கும் வேலை மட்டும். நியூட்ரலில் இறங்கினால் அந்த மூன்று கிலோவாட்டும் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் வந்து விழுகிறது. பெட்ரோல்கூட மிச்சமாவதில்லை, இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலை முழுதாக நிறுத்திக்கொள்கின்றன, நியூட்ரலில்தான் கொஞ்சம் எரிக்கின்றன.

பின்னால் டிரம் இருக்கும் காரில் வேறு ஒரு பொல்லாப்பு, கண்ணில் படாமல் இருப்பது. டிஸ்க்கையும் பேடையும் சக்கரத்தின் இடைவெளி வழியாகவே பார்த்துவிடலாம். பேட் தேய்ந்தால் கீச்சிடும் தகடும் பல பேடுகளில் உண்டு. டிரம்மைக் கழற்றினால்தான் உள்ளே என்ன நிலைமை என்று தெரியும். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் ஆயிலில் ஊறியிருக்கலாம். துருவேறிய அட்ஜஸ்டர் நகராமல் நின்றிருக்கலாம். வெளியே தெரியும் அடையாளம், ஹேண்ட் பிரேக் லீவர் முன்பைவிட அதிக பல் ஏறுவது. பேக் பிளேட்டின் உட்பக்கம் ஈரப்பசை தெரிந்தால் அது கசிவு. மழைக்காலத்தில் சாலையில் தேங்கிய தண்ணீரைக் கடந்தபின் டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. சுற்றும் டிஸ்க் தண்ணீரை உடனே உதறிவிடும். மெதுவாகப் போய்க்கொண்டே சற்றுத் தூரம் பிரேக்கை லேசாக அழுத்தி லைனிங்கை உலர்த்திக்கொள்வது நல்லது.

கார் வாங்கப்போகும்போது, பின்னாலும் டிஸ்க் உள்ள விலைகூடிய ரகத்தைக் காட்டி விற்பனையாளர் வற்புறுத்துவார். என் கருத்து இது. ஏழு பேர் ஏறும் கனமான வண்டிக்கும், அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர்களுக்கும் பின் டிஸ்க் பயன்படும். ஆயிரம் கிலோவை ஒட்டிய, ஊருக்குள் ஓடும் காருக்கு அது அவசரத்தில் நிறுத்தும் தூரத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைக்காது. அதைத் தீர்மானிப்பது டயரும் சாலையும்தான். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

மின்சாரக் கார்கள் வந்தபின் டிரம்முக்கு மறுவாழ்வு கிடைத்திருப்பது சுவையான திருப்பம். அவற்றில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்து, ஆற்றலை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. பின் பிரேக் நாட்கணக்கில் சரியாக உபயோகப்படாமலே இருக்கும். திறந்துகிடக்கும் டிஸ்க் அப்படிச் சும்மா இருந்தால் துருப்பிடித்துக் குழிவிழும். மூடியிருக்கும் டிரம்முக்கு அந்தத் தொல்லை குறைவு. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம்மைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். இதோடு, பிரேக் உரசலில் பறக்கும் நுண்துகளுக்கும் இப்போது வரம்பு வந்துவிட்டது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி, பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்றும், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம் என்றும் அதை நிர்ணயித்திருக்கிறது. டிஸ்க் அந்தத் தூசியைக் காற்றில் விடுகிறது. டிரம் அதில் பெரும்பகுதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.